சம்பளச் சீட்டோடு ஒத்துப்போகும் கால்குலேட்டர்: இரவல் விட்ஜெட்டா, கூகுள் ஷீட்டா, அட்டவணையா, சொந்த நிரலா?

"அக்கா, உங்க கட்டுரையில இருக்கிற இபிஎஃப் கால்குலேட்டர்ல 276 வெள்ளி 10 சென்னு வருது. என் சிலிப்புல 278 வெள்ளி பிடிச்சிருக்காங்க. மிச்ச ரெண்டு வெள்ளி எங்க போச்சு?"

பாயான் லெப்பாசில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்த ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு. அவருடைய சம்பளம் 2,510 ரிங்கிட். நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்ப்பவள். மாலை நேரங்களில் சம்பளம், இபிஎஃப், சொக்சோ பற்றித் தமிழில் எழுதுகிறேன். அவர் கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆபீசில் என் கையால் பிடிப்பது 278 தான். கட்டுரையில் ஒட்டியிருந்த கால்குலேட்டர் என்னுடையது இல்லை. எங்கேயோ இலவசமாகக் கிடைத்த ஒன்று. ஒட்டிய அன்று ஒரே ஒரு எண்ணைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

அவர் சீட்டில் தப்பே இல்லை. 20,000 ரிங்கிட் வரை வாங்குபவருக்கு இபிஎஃப் சந்தாவை யாரும் சம்பளத்தை நேரே 11 விழுக்காட்டால் பெருக்கிப் பிடிப்பதில்லை. சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, ஆபீஸ் பேச்சில் 'ஜடுவால் கெத்திகா', சம்பளத்தைப் படிப்படியாக வெட்டி வைத்திருக்கிறது. 5,000 ரிங்கிட் வரை ஒவ்வொரு படியும் 20 ரிங்கிட். அதற்கு மேல் 20,000 வரை ஒவ்வொரு படியும் 100 ரிங்கிட். சம்பளம் எந்தப் படிக்குள் விழுகிறதோ அந்தப் படியின் மேல் எல்லைக்குத்தான் விழுக்காடு போடுவார்கள். வருவதில் சென் இருந்தால் அடுத்த முழு ரிங்கிட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். 2,510 ரிங்கிட் 2,500.01 முதல் 2,520 வரையிலான படியில் விழுகிறது. 2,520க்கு 11 விழுக்காடு 277.20, அது 278 ஆகிறது. முதலாளியின் 13 விழுக்காடு 327.60, அது 328 ஆகிறது. நேரே பெருக்கினால் 276.10, 326.30. இரவல் கால்குலேட்டர் காட்டியது இதைத்தான்.

இரண்டு வெள்ளி சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்தத் தம்பி இனி அந்தப் பக்கத்துக்கு வரமாட்டார். ஒரு ஹெச்ஆர் அலுவலர் அந்தப் பக்கத்தைத் தன் தொழிலாளர்களுக்கு அனுப்பினால், மறுநாள் காலை அவர் மேசை முன்னால் பத்துப் பேர் சம்பளச் சீட்டோடு நிற்பார்கள். ஒரு கட்டுரைக்குள் கால்குலேட்டர் வைப்பதே இரண்டு காரணத்துக்காக: பிறர் தாமாக இணைப்புக் கொடுக்க வேண்டும், வந்தவர் திரும்பி வர வேண்டும். விடை சம்பளச் சீட்டோடு ரிங்கிட் பிசகாமல் ஒத்துப்போகாவிட்டால் இரண்டுமே நடக்காது.

பிறையில் வெப்சைட் வேலை பார்க்கும் என் சித்தி மகனை வீட்டுக்கு வரச் சொன்னேன். எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: வேறொருவரின் விட்ஜெட்டைத் தொடர்ந்து வைத்திருப்பது, கூகுள் ஷீட்டைப் பதிப்பது, கால்குலேட்டரே இல்லாமல் அட்டவணை போடுவது, சொந்தமாக ஒரு சிறு நிரல் எழுதுவது.

இரவல் விட்ஜெட்

ஐந்து நிமிட வேலை. வேறொரு பக்கத்தை நம் பக்கத்துக்குள் காட்டும் ஒரு ஐஃப்ரேம் வரியை ஒட்டினால் முடிந்தது. சங்கடங்கள் பிறகு ஒவ்வொன்றாக வரும்.

முதல் சங்கடம், அதன் கணக்கு எந்த ஊர்க் கணக்கு என்பது. இபிஎஃப் தம்பியின் கதையைச் சொன்னேன். உடல்நலக் கட்டுரைகளில் இது இன்னும் மோசம். 165 சென்டிமீட்டர் உயரம், 65 கிலோ எடை உள்ள ஒருவரின் பிஎம்ஐ 23.9. வெளிநாட்டு விட்ஜெட் 25 வரை 'சாதாரணம்' என்று பச்சை நிறம் காட்டும். ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற எல்லைகளைக் கவனிக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004லேயே சொல்லிவிட்டது. பினாங்கில் ஒரு தமிழர் தன் எண்ணைப் போட்டுப் பச்சையைப் பார்த்து நிம்மதியாகப் போவார். அடுத்த வாரம் கிளினிக்கில் தாதி "எடை கொஞ்சம் கூட" என்பார். யாரை நம்புவார் என்று கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, விகிதம் மாறும்போது அந்த விட்ஜெட் மாறுமா என்பது நம் கையில் இல்லை. தொழிலாளர் பங்கு எத்தனை முறை மாறியது என்று நினைத்துப் பாருங்கள். 2016 மார்ச்சிலிருந்து 2017 கடைசி வரை 8 விழுக்காடு. 2020இல் கோவிட் நேரத்தில் 7. 2021 தொடக்கத்திலிருந்து 2022 ஜூன் வரை 9. ஜூலையிலிருந்து மறுபடி 11. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய கால்குலேட்டர்கள் அமைதியாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. பொய் சொல்லும்போது அவை சத்தம் போடுவதில்லை, அதுதான் ஆபத்து.

மூன்றாவது, விட்ஜெட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும். நான் ஒட்டியதில் அது ஒரு தனிநபர் கடன் விளம்பரத்துக்குப் போனது. வாசகர் ஒருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கடன், காப்புறுதி விட்ஜெட்டுகளில் சில, விடை காட்டுவதற்கு முன்னால் தொலைபேசி எண்ணைக் கேட்கும். வாசகரின் எண்ணை நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிறது.

இணைப்பு விஷயத்தில் இது முழு நட்டம். எல்லாப் பக்கத்திலும் இருக்கும் அதே பெட்டிக்காக நம் பக்கத்தை யாரும் சுட்டமாட்டார்கள். இந்த வழியை முதலிலேயே தள்ளினோம்.

கூகுள் ஷீட்

எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது இதுதான். நாள் முழுக்க எக்செல்லில் வாழ்பவளுக்கு `CEILING` எழுதுவது சோறு சாப்பிடுவது மாதிரி. படி வெட்டும் கணக்கைப் பத்து நிமிடத்தில் எழுதி, 'வெப்பில் வெளியிடு' அழுத்தி, கட்டுரைக்குள் பதித்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் எண்ணைத் தட்ட முடியவில்லை. வெளியிட்ட ஷீட் பார்ப்பதற்கு மட்டும்தான்.

"அப்போ எல்லாருக்கும் எடிட் திறந்து விட்டுடலாமா?" என்று சித்தி மகனிடம் கேட்டேன்.

"அக்கா, நீங்க சம்பளம் தட்டுற அதே கட்டத்துல பட்டர்வொர்த்துல இருக்கிறவரும் தட்டுவாரு. அவர் சம்பளம் உங்களுக்குத் தெரியும், உங்க சம்பளம் அவருக்குத் தெரியும். யாராவது ஃபார்முலாவ அழிச்சா அன்னிக்குக் கடை மூடல்தான்."

மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஷீட்டின் முகவரிக் கடைசியில் `/edit` இருக்கும் இடத்தில் `/copy` என்று மாற்றிக் கொடுத்தால், ஒவ்வொருவரும் தன் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்வார். பல மாதக் கணக்கைத் தொடர்ந்து எழுதிவைக்க நினைப்பவருக்கு, உதாரணமாக வீட்டுச் செலவுப் பட்டியலுக்கோ இரத்தச் சர்க்கரைக் குறிப்புக்கோ, இது அருமையான வழி. நம் நோக்கத்துக்கு மட்டும் ஒத்துவராது. பிரதி எடுத்தவர் அதோடு போய்விடுவார். அடுத்த முறை அவர் திறப்பது தன் டிரைவை, நம் பக்கத்தை அல்ல. விகிதம் மாறினாலும் அவர் பிரதியில் பழைய எண்தான் இருக்கும். கைப்பேசியில் கூகுள் கணக்கு திறந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு முட்டுக்கட்டை. பேருந்தில் நின்றுகொண்டு சம்பளம் சரிபார்ப்பவர் அவ்வளவு தூரம் போகமாட்டார்.

வெறும் அட்டவணை

இதைச் சிறுமையாக நினைக்கக் கூடாது. நான்கில் எனக்கு அதிக மரியாதை ஏற்பட்டது இதன்மேல்தான்.

தேடுபொறியின் ரோபோ நம் கால்குலேட்டரில் எண் தட்டிப் பார்க்காது. பெட்டியும் பொத்தானும்தான் அதன் கண்ணில் படும். விடைகள் பக்கத்தில் எழுத்தாக இல்லாததால் அவற்றைத் தேடி வருபவருக்கு நம் பக்கம் தெரியாது. அட்டவணையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எழுத்து. நிரல் ஓடாத பழைய கைப்பேசியிலும், மின்னஞ்சலிலும், அச்செடுத்து நோட்டீஸ் பலகையில் குத்தினாலும் அது அப்படியே நிற்கும். மின்னஞ்சலில் கட்டுரை போகும்போது கால்குலேட்டர் இருந்த இடம் வெறுமையாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மின்னஞ்சல் செயலிகள் நிரலை ஓடவிடுவதில்லை.

ஆனால் முழு அட்டவணையைப் போட்டால் 5,000 ரிங்கிட் வரைக்கே 250 வரி. அதைத்தான் இபிஎஃப் வாரியமே வெளியிட்டிருக்கிறதே. அதை மறுபடி தட்டிவைத்தால் யார் நமக்கு இணைப்புக் கொடுப்பார்? எந்தப் பத்து வரி மற்றவர்கள் சொல்லாததைச் சொல்லும் என்று தேட வேண்டியிருந்தது.

கிடைத்தது. சம்பளம் 5,000 ரிங்கிட்டைத் தாண்டும் இடம்.

5,000 வரை முதலாளி பங்கு 13 விழுக்காடு. அதற்கு மேல் 12. ஒருவர் 5,000 வாங்கும்போது முதலாளி போடுவது 650. அவருக்கு ஒரு ரிங்கிட் கூட்டி 5,001 கொடுத்தால், படி 5,100க்கு ஏறுகிறது, 12 விழுக்காடு 612. அதாவது சம்பளம் ஏறிய மாதத்தில் முதலாளி போடுவது 38 ரிங்கிட் குறைகிறது. தொழிலாளர் பங்கோ 550இலிருந்து 561க்கு ஏறுகிறது. சேமிப்பில் விழும் மொத்தம் 1,200இலிருந்து 1,173க்கு இறங்குகிறது. முதலாளி பங்கு மறுபடி 650ஐ எப்போது தொடும்? 5,400இல் 648. இன்னும் இரண்டு ரிங்கிட் குறைவு. 5,400.01 ஆனதும் படி 5,500க்குப் போய் 660. ஆக 5,000க்கும் 5,400க்கும் நடுவில் நிற்கும் எல்லாருக்கும் முதலாளி பங்கு 5,000 வாங்கியபோது இருந்ததைவிடக் குறைவுதான்.

சம்பள உயர்வு பேசப் போகிறவருக்கு இந்த ஆறு வரி அட்டவணை ஒரு முழுக் கட்டுரைக்குச் சமம். பொதுவான 'இபிஎஃப் கால்குலேட்டர்' ஆயிரம் இருக்கிறது. வாரியத்திடமே இருக்கிறது. அதோடு போட்டி போடுவது வீண். '5,000ஐத் தாண்டினால் எனக்கு லாபமா?' என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்லும் பக்கம் வேறு. அந்தக் கேள்வி எங்கே எழுந்தாலும், தொழிற்சங்கக் கிளையில் ஒருவரோ கணக்காளர் ஒருவரோ விளக்கம் எழுதும்போது, 'இங்கே போட்டுப் பார்' என்று சுட்ட ஓர் இடம் வேண்டும். அப்படித் தேவைக்காகக் கொடுக்கும் இணைப்புத்தான் நிற்கும்.

சொந்த நிரல்

அட்டவணை கேள்வியைக் காட்டும், கால்குலேட்டர் 'என் சம்பளத்துக்கு' என்று விடை சொல்லும். எனவே அட்டவணையை வைத்துக்கொண்டு கீழே சொந்தக் கால்குலேட்டர் என்று முடிவானது. கணக்கின் முழு உடம்பு இவ்வளவுதான்:

```
function kwsp(gaji) {
  const had = gaji <= 5000;
  const langkah = had ? 20 : 100;
  const atas = Math.ceil(gaji / langkah) * langkah;
  return {
    pekerja: Math.ceil(atas * 11 / 100),
    majikan: Math.ceil(atas * (had ? 13 : 12) / 100)
  };
}
```

இது 60 வயதுக்கு உட்பட்ட மலேசியருக்கு, 10 ரிங்கிட்டுக்கு மேல் 20,000 வரையிலான சம்பளத்துக்கு. 20,000க்கு மேல் படி கிடையாது, நேரே விழுக்காடு போட்டு முழு ரிங்கிட்டுக்கு ஏற்ற வேண்டும். இந்த வரம்புகளைப் பெட்டிக்கு மேலேயே எழுதிவைத்தோம்.

`0.11` என்று எழுதாமல் 11ஆல் பெருக்கி 100ஆல் வகுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. சித்தி மகன் முதலில் `atas * 0.11` என்றுதான் எழுதினான். எல்லா எண்ணும் சரியாக வந்தது. பழைய சீட்டைச் சரிபார்க்க 2020இன் 7 விழுக்காட்டைச் சேர்த்தபோதுதான் மாட்டியது. 2,500க்கு 7 விழுக்காடு 175. கணினியோ `2500 * 0.07` என்பதற்கு 175.00000000000003 என்கிறது. மேலே ஏற்றச் சொன்னதால் 176 ஆகிவிட்டது. 0.07 என்ற எண்ணைக் கணினியால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது, துளி கூடுதலாக வைத்துக்கொள்கிறது. 0.11இல் அந்தத் துளி மிகச் சிறியது, அதனால் தப்பித்தது. முழு எண்ணில் பெருக்கி வகுத்தால் எந்த விகிதம் வந்தாலும் இந்த வம்பு இல்லை.

அடுத்தது காற்புள்ளி. நம் ஆட்கள் சம்பளத்தை '2,510' என்று காற்புள்ளியோடுதான் எழுதுவார்கள். `parseFloat("2,510")` கொடுக்கும் விடை 2. காற்புள்ளி வந்ததும் அது படிப்பதை நிறுத்திவிடும். இரண்டாயிரத்துச் சொச்சம் வாங்குபவருக்கு இரண்டு ரிங்கிட் சம்பளக்காரரின் சந்தா வரும், பிழை என்று எந்த அறிவிப்பும் வராது. கணக்குப் போடுமுன் காற்புள்ளியையும் இடைவெளியையும் 'RM' எழுத்தையும் நீக்கிவிடுவது ஒரு வரி வேலை. பெட்டிக்கு `inputmode="decimal"` கொடுத்தால் கைப்பேசியில் எண் பலகை திறக்கும்.

ஆனால் நிரலைவிடப் பெரிய பிழை பெட்டியின் பெயரில் இருந்தது. 'சம்பளம்' என்று மட்டும் எழுதியிருந்தோம். பாயான் லெப்பாஸ் தொழிலாளருக்குச் சம்பளம் என்றால் கையில் வரும் மொத்தம், ஓவர்டைம் உட்பட. ஓவர்டைமுக்கும் பயணப் படிக்கும் இபிஎஃப் பிடிப்பதில்லை. 3,400 என்று தட்டியவர் 374 வரும் என்று பார்த்துவிட்டு, முதலாளி ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டிவிடுவார். 'அடிப்படைச் சம்பளமும் மாதப் படிகளும். ஓவர்டைமும் பயணப் படியும் சேர்க்க வேண்டாம்' என்று பெட்டிக்கு மேலேயே மாற்றினோம். கால்குலேட்டரில் பெரும்பாலான தவறு கணக்கில் நடப்பதில்லை, கேட்ட கேள்வியில் நடக்கிறது என்பது எனக்கு ஆபீசிலேயே தெரிந்த பாடம். வீட்டில் மறந்துவிட்டேன்.

ஒரு நாள் பக்கம் அலங்கோலமானது. கால்குலேட்டர் இருந்த இடத்தில் `function kwsp` என்று நிரலே எழுத்தாகக் கிடந்தது. வேர்ட்பிரஸ்ஸில் நிர்வாகிக்கும் எடிட்டருக்கும் மட்டும்தான் நிரலை இடுகைக்குள் சேமிக்கும் உரிமை. எனக்கு உதவும் தோழி 'ஆதர்' கணக்கில் நுழைந்து, அவர் பெயரில் ஏற்றியிருந்த இந்த இடுகையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தார். சேமித்த நொடியில் `script` என்ற குறி மட்டும் கழன்றுவிட்டது, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டிவிட்டது. அவர் மேல் தப்பில்லை. நிரலைத் தனிக் கோப்பாகத் தளத்தில் வைத்துவிட்டு, கட்டுரைக்குள் அதை அழைக்கும் ஒரு ஷார்ட்கோட் மட்டும் வைத்த பிறகு யார் திருத்தினாலும் கவலையில்லை. விகிதமும் அந்த ஒரே கோப்பில் இருப்பதால் மாற்றம் வந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

விடை வரும் இடத்துக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்கிவைத்தோம். இல்லாவிட்டால் விடை தோன்றும்போது கீழே உள்ள பத்தி துள்ளும், படித்துக்கொண்டிருந்த வரி ஓடிவிடும்.

வெளியிடும்முன் எண்களைச் சோதிப்பதற்கு நூறு எண் வேண்டாம், ஓரங்களில் உள்ளவை போதும்: 2,500, 2,500.01, 5,000, 5,000.01, 5,400, 5,400.01, 20,000. ஒவ்வொன்றையும் மூன்றாவது அட்டவணையோடு விரல்வைத்துப் பார்த்தோம். படிக் கணக்கு உடையும் என்றால் ஓரத்தில்தான் உடையும்.

திரும்பி வருபவருக்கு எண்ணை நினைவில் வைப்பதா?

வாசகர் தட்டிய சம்பளத்தைப் பெட்டி நினைவில் வைத்திருந்தால் அடுத்த மாதம் வரும்போது வசதி என்று நினைத்தேன். உலாவியின் `localStorage`இல் வைக்கலாம். ஆனால் ஐபோனின் சஃபாரி, அதைப் பயன்படுத்தும் ஏழு நாளில் ஒரு தளத்தைத் தொடாமல் இருந்தால் நிரல் சேமித்ததை அழித்துவிடும். சம்பளமோ முப்பது நாளுக்கு ஒருமுறை. ஐபோன்காரர்களுக்கு அந்த நினைவு நிற்காது.

முகவரியிலேயே எண்ணை வைப்பது இன்னொரு வழி. அங்கேயும் `?gaji=2510` என்பதற்கும் `#gaji=2510` என்பதற்கும் பெரிய வேறுபாடு. கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது நம் சர்வருக்குப் போகும், அதன் பதிவேட்டில் கிடக்கும். `#`க்குப் பின்னால் இருப்பதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. சம்பளமோ, எடையோ, சர்க்கரை அளவோ, நம்மிடம் வராத எண்ணை நாம் பாதுகாக்கவும் வேண்டாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை உணர்திறன் மிக்க தரவு என்று தனியாக வைத்திருக்கிறது. எனவே உடல்நலக் கால்குலேட்டருக்கு `#` தவிர வேறு பேச்சே இல்லை.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. அந்த முகவரியை அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சம்பளமும் சேர்ந்து போகும். அதனால் இரண்டு பொத்தான் வைத்தோம். 'எனக்காகச் சேமி' எண்ணோடு முகவரியைக் கொடுக்கும். 'பகிர்' எண் இல்லாமல் கொடுக்கும். மாமியார் இருக்கும் குழுவில் சம்பளம் போய் விழுவதைவிட இந்தப் பொத்தான் வேலை எவ்வளவோ மேல்.

பிறர் தளத்தில் பதிக்கக் கொடுக்கலாமா?

'இதை உங்கள் பக்கத்தில் பதியுங்கள்' என்று ஓர் ஐஃப்ரேம் வரியும் கீழே நம் தளத்துக்கு ஓர் இணைப்பும் கொடுத்தால் இணைப்புகள் தானாகக் குவியும் என்று பலர் சொல்கிறார்கள். சித்தி மகனும் முதலில் அதைத்தான் சொன்னான். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஐஃப்ரேமுக்குள் இருப்பது நம் பக்கத்தின் சரக்கு, பதித்தவரின் சரக்கு அல்ல. அதற்குள் இருக்கும் இணைப்பை அவர் கொடுத்த இணைப்பாக எண்ணிக்கொள்ள முடியாது. ஐஃப்ரேமுக்கு வெளியே ஒரு வரி சேர்த்தால் அது அவர் பக்கத்து இணைப்புத்தான். ஆனால் அதில் 'சிறந்த இபிஎஃப் கால்குலேட்டர்' போன்ற தேடல் சொற்களைத் திணித்து எல்லாத் தளங்களுக்கும் பரப்புவதை கூகுள் தன் விதிகளில் இணைப்பு மோசடி என்று பெயர் சொல்லியே குறித்திருக்கிறது. 2016 செப்டம்பரில் இதையே தனியாக நினைவூட்டியும் இருக்கிறது. அந்த வரியில், இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் `rel="nofollow"` சேர்த்தால் சிக்கல் இல்லை. ஆனால் அப்போது அது நாம் தேடிய இணைப்பும் இல்லை. அதோடு, வாசகர் விடையை அவர்கள் பக்கத்திலேயே பார்த்துவிடுவார், திரும்பி வருவதும் அங்கேதான்.

ஒரே நல்லது, நாம் விகிதத்தைத் திருத்தினால் பதித்த எல்லாப் பக்கத்திலும் திருந்திவிடும். எனவே கேட்பவருக்கு மட்டும், `nofollow`வோடு, தளத்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். பொத்தானாகப் போடவில்லை.

முகவரியில் ஆண்டையும் போடவில்லை. `epf-2025` என்று வைத்தால் அடுத்த ஆண்டு புதுப் பக்கம் தொடங்கத் தோன்றும், பழைய பக்கத்துக்கு வந்த இணைப்புகள் பின்தங்கிவிடும். முகவரி ஒன்றே. பக்கத்தின் தலையில் 'கடைசியாக அட்டவணையோடு சரிபார்த்த நாள்' என்று ஒரு வரி. அதை நான் கையால்தான் மாற்றுகிறேன், சரிபார்த்தால் மட்டும். சுட்டுபவர்கள் யார் என்பது சர்ச் கன்சோலின் 'இணைப்புகள்' பகுதியில் தெரியும். அங்கே நான் தேடுவது எண்ணிக்கையை அல்ல, எந்தச் சொல்லை அழுத்தி வந்தார்கள் என்பதை. '5,000க்கு மேல்' என்ற மாதிரிச் சொல் இருந்தால் அட்டவணை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இரவு ஷிப்ட் தம்பிக்குப் புதுப் பக்கத்தை அனுப்பினேன். 278 வந்தது. "சரியா இருக்கு அக்கா" என்றார். அடுத்த குரல் பதிவு அவர் அண்ணனிடமிருந்து. அவருக்கு மாதம் 4,600, போனஸ் மாதத்தில் இன்னொரு 4,600. கால்குலேட்டரில் 9,200 தட்டினால் முதலாளி பங்கு 1,104 வருகிறது, சீட்டில் 1,196 இருக்கிறது.

மறுபடி சீட்டுதான் சரி. மாதச் சம்பளம் 5,000க்குள் இருப்பவருக்குப் போனஸால் அந்த மாதம் 5,000ஐத் தாண்டினாலும் முதலாளி 13 விழுக்காடே போட வேண்டும். ஆபீசில் ஆண்டுதோறும் செய்வதுதான், நிரலில் எழுதத் தோன்றவில்லை. இப்போது பெட்டிக்குக் கீழே 'இது போனஸ் மாதம்' என்று ஒரு டிக் கட்டம் இருக்கிறது.